வரிசையில் இருந்தால் ஒன்று, கொத்தாக இருந்தால் வேறு: அந்தரங்க உறுப்பின் பொடிப் பருக்கள்

தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார்.

“எனக்கு 21 வயது. முன்தோலை விலக்கினால் மொட்டின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாகப் பொடிப்பொடியாக இரண்டு வரிசை. இதுவரை யாரோடும் உறவு இல்லை. மருவா டாக்டர்?”

இல்லை தம்பி. மணி கோத்ததுபோல் விளிம்பை ஒட்டி வரிசையாக நிற்பதுதான் இயல்பான பருவின் அடையாளம். நாங்கள் இதை முத்துப் பரு என்போம். ஒவ்வொன்றும் 1 முதல் 2 மில்லிமீட்டர் இருக்கும், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, மேற்பரப்பு வழவழப்பு. பருவ வயதுக்குப் பிறகு தலைகாட்டும், வயது ஏற ஏற மங்கும். அழுக்கால் வருவதல்ல. அதனால் சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள், தேய்த்தால் தோல்தான் புண்ணாகும்.

மருவுக்கு வரிசை தெரியாது. மொட்டில் ஒன்று, தண்டில் ஒன்று என்று கண்ட இடத்தில் வரும். ஒன்று சிறிதாக, பக்கத்தில் இருப்பது பெரிதாக இருக்கும். மேலே காலிபிளவர்போல் சொரசொரப்பு இருக்கலாம். சில வாரங்களில் எண்ணிக்கை கூடும். உங்களுடையதை இன்று ஒருமுறை நன்றாகப் பாருங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அப்படியே இருந்தால் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள்.

“வயது 27. சிறுநீர்த் துளைக்குக் கீழே, உள்ளிதழின் உட்பக்கம் மென்மையான சின்னச் சின்ன முளைகள். ஒரு இடத்தில் அமிலம் தடவிப் பார்த்தார்கள், வெளுத்தது. மரு என்று இரண்டு முறை சுட்டார்கள். மறுபடி அதே இடத்தில் இருக்கிறது. மூன்றாவது முறை சுடலாமா?”

அதற்கு முன் இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் பட்ட வேதனை தேவையற்றதாக இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் சொல்கிறேன். அசிட்டிக் அமிலம் பட்டால் மரு வெளுக்கும், உண்மைதான். ஆனால் அங்குள்ள சாதாரணத் தோலும், கொஞ்சம் எரிச்சல் கண்ட தோலும்கூட வெளுக்கும். வெளுத்ததை மட்டும் வைத்து மரு என்று முடிவுகட்டக் கூடாது.

முளையின் அடியைப் பார்க்க வேண்டும். இயல்பான முளைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தோலிலிருந்து எழும்பும். மிருதுவாக, சுற்றியுள்ள தோலின் நிறத்தில், இரு பக்கமும் ஒத்திருக்கும். மருவில் பல விரல்கள் ஒரே அடியில் சேர்ந்திருக்கும், தொட்டால் சற்றுக் கெட்டி. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் சந்தேகம் என்றால் ஒரு துளி திசு எடுத்துப் பரிசோதிக்கலாம். சுடுவதைவிட அது சிறிய காயம்தான்.

“வலித்தால்தான் நோய், வலிக்காவிட்டால் பயமில்லை என்று நண்பர்களுக்குச் சொல்லிவருகிறேன். சரிதானே?”

பாதிதான் சரி. ஹெர்பிஸ் கொப்புளங்கள் பொதுவாக எரியும், வலிக்கும், கூட்டமாக வந்து உடைந்து புண்ணாகும். ஆனால் சிபிலிஸின் முதல் புண் பெரும்பாலும் வலிக்காது. அடி கெட்டியாக, பெரும்பாலும் ஒன்றே ஒன்றாக வரும். 3 முதல் 6 வாரத்தில் தானாகவே ஆறிவிடும். நோயோ ஆறாமல் உடம்புக்குள் இருக்கும். மருவும் வலிப்பதில்லை. நடுவில் குழி விழுந்த முத்துபோன்ற மொலஸ்கம் பருவும் அப்படித்தான். தோல் உடைந்து புண்ணானால், வலி இல்லாவிட்டாலும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். தொடக்கத்தில் அது தவறவிடலாம் என்பதால் மருத்துவர் சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்வார்.

“கால் மருவுக்கு வாங்கிய சொட்டு மருந்தை விளிம்புப் பருக்கள்மேல் நான்கு நாள் வைத்தேன். இப்போது வெந்ததுபோல் எரிகிறது.”

உடனே நிறுத்துங்கள். உள்ளங்காலின் தடித்த தோலை உரிக்கும் அமிலம் அது. வெறும் தண்ணீரில் கழுவி, வாசனையில்லாத வாசலின் தடவுங்கள். சீழ் வைத்தாலோ, சிறுநீர் கழிக்கச் சிரமமானாலோ, பின்னால் இழுத்த முன்தோல் வீங்கித் திரும்பாமல் நின்றாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தப் பருக்களைத் தோற்றத்துக்காக லேசரில் எடுப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

“உதட்டில் மஞ்சள் புள்ளிகள், தண்டிலும் அதே மாதிரி. முத்தத்தில் ஒட்டிக்கொண்டதா?”

ஒட்டவில்லை. மயிர்க்கால் இல்லாத இடத்தில் அமைந்த எண்ணெய்ச் சுரப்பிகள் அவை, பெயர் ஃபோர்டைஸ் புள்ளிகள். தோலை இழுத்துப் பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பிதுக்காதீர்கள்.

“37 வயது. தண்டின் அடியில் மூன்று பருக்கள், ஐந்து மாதமாக. ஒன்று பெரிதானது மாதிரி இருக்கிறது. மனைவியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.”

எழுத்தை வைத்து என்னாலும் முடிவு சொல்ல இயலாது. மருவாக இருக்கலாம், மொலஸ்கமாக இருக்கலாம், சாதாரணத் தோல் தொங்கலாகவும் இருக்கலாம். ஆனால் இந்த வயதில் புதிதாக வந்து வளர்கிறது என்பதால் இரண்டு வாரத்துக்குள் நேரில் காட்டுங்கள். அதுவரை அங்கே சவரம் வேண்டாம், மருவானால் கத்தி அதைப் பரப்பும். மருவென்றே தெரிந்தாலும், கிருமி உடலில் நுழைந்து மாதங்கள் கழித்தும், ஆண்டுகள் கழித்தும்கூட அது வெளிப்படும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மனைவியிடம் இதையே சொல்லுங்கள். பரு கருத்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, ஆறாத புண்ணானாலோ இரண்டு வாரம்கூடப் பொறுக்க வேண்டாம்.