கோத்தகிரியிலிருந்து சென்னை வெயிலுக்கு

"கோத்தகிரிக்காரன் நான். திங்கள் முதல் சென்னையில் சென்ட்ரிங் வேலை. 33 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று போன் காட்டுகிறது. சமாளிக்கலாமா?"

தம்பி, 33-ஐ மட்டும் பார்க்காதீர்கள். அந்த ஈரப்பதத்தில் வியர்வை சரியாகக் காயாது, உடம்பு சூட்டை வெளியே தள்ள முடியாது. நிழலிலேயே சுமார் 43 டிகிரி போல உறைக்கும். நேர் வெயிலில் இன்னும் 8 வரை கூடும்.

மலைக்குளிரில் இருந்த உடம்பு இதற்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். வெயிலில் விழுகிறவர்களில் பலர் புதிதாக வந்தவர்கள்தான். அதனால் மேஸ்திரியிடம் முன்பே பேசிவிடுங்கள்: முதல் நாள் வெயில் வேலை ஒன்றரை மணி நேரம் போதும், மீதி நேரம் நிழலில் கம்பி கட்டுவது போல ஏதாவது. அப்புறம் தினமும் ஒன்றரை மணி கூட்டினால் ஐந்தாம் நாள் முழு வேலைக்கு வந்துவிடலாம். இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுக்காவிட்டாலும் குடியுங்கள்.

தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் இழுப்பு வந்தால் உடனே நிழலுக்குப் போங்கள், அன்று மறுபடி ஏற வேண்டாம். கூட இருப்பவர் உளறினாலோ தள்ளாடினாலோ உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். ஊருக்கு வந்து ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால், திரும்பிப் போனதும் மறுபடி மெதுவாகத்தான் தொடங்க வேண்டும்.