ரெஃபரன்ஸ் குடுத்தவங்களுக்கு எப்ப, எப்படி சொல்றது?

"ஆஃபர் லெட்டர் வந்துடுச்சு, இன்னும் ஜாயின் பண்ணல. ரெஃபரன்ஸ் குடுத்த காலேஜ் மேடம்கிட்டயும் பழைய மேனேஜர்கிட்டயும் இப்பவே சொல்லலாமா? வாட்ஸ்அப் போதுமா?"

ஆஃபர அக்செப்ட் பண்ணி மெயில் போட்டுட்டீங்கன்னா அன்னிக்கே சொல்லிடுங்க, ஜாயினிங் வரைக்கும் வெயிட் பண்ணாதீங்க. ஏன்னா நிறைய கம்பெனில பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் ஆஃபருக்கு அப்புறம்தான் ஓடும், சில எடத்துல ஜாயின் பண்ணி ரெண்டு மூணு வாரம் கழிச்சுகூட வெளி ஏஜென்சி ரெஃபரன்ஸ் குடுத்தவங்களுக்கு மெயில் அனுப்புவாங்க, அது ஸ்பாம்ல விழுந்து பதில் போகலன்னா உங்க ஃபைல்தான் பெண்டிங்ல நிக்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு, எனக்கு ரெஃபரன்ஸ் குடுத்த சாருக்கு ஞாபகப்படுத்த நானே கூச்சப்பட்டுக்கிட்டு போன் பண்ணேன்.

மேடத்துக்கு மெயில், மேனேஜருக்கு வாட்ஸ்அப்பே போதும், ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே மெசேஜ ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க பாஸ். இப்படி எழுதலாம்:

"வணக்கம் மேடம், டேட்டா அனலிஸ்ட் வேலை கிடைச்சிருக்கு, அடுத்த மாசம் ஜாயினிங். என் ப்ராஜெக்ட் பத்தி நீங்க சொன்னத இன்டர்வியூல கேட்டாங்க, ரொம்ப நன்றி. வெரிஃபிகேஷன் மெயில் ஒண்ணு வரலாம், ஸ்பாமும் பாத்துடுங்க."

சம்பளம் எழுத வேணாம். ஜாயின் பண்ணதும் இன்னொரு வரி, அவ்ளோதான்.