இருவருக்கும் ஓம் சொல்கிற தம்பிக்கு

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கிறேன். வார இறுதியில் முகாமைத்துவம் படிக்கிறேன். முகாமையாளர் புதுக்கடன் கொடு என்கிறார், அறவீட்டு அதிகாரி நிலுவையை அறவிடு என்கிறார். இருவருக்கும் ஓம் என்றுவிடுவேன். தினமும் தியானம் செய்தும் நித்திரை இல்லை. போன மாதம் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஏலவில்லை, தங்கச்சிதான் வகுப்பை விட்டுப் போனா. உள நெருக்கீடு குறைய வேறென்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: தம்பி, பயிற்சியை ஒருபக்கம் வையுங்கள். “இருவருக்கும் ஓம் என்றுவிடுவேன்” என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். முகாமையாளர் கேட்டது அதிகாரிக்குத் தெரியாது, அதிகாரி கேட்டது முகாமையாளருக்குத் தெரியாது. தெரியவிடாமல் வைத்திருப்பது நீங்கள்தான். பெரியவர்களை மறுக்கக்கூடாது என்று வளர்ந்த பிள்ளை, அம்மாவுக்கு மட்டும் எப்படி இல்லையென்று சொன்னீர்கள்? வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள் என்று அவர்கள் தலையில் சுமையை இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உளவியலாளர் ரொபேர்ட் கானும் கூட்டாளிகளும் 1964இல் விளக்கிய வகிபாக முரண்பாடு இது. ஒன்றோடொன்று ஒவ்வாத இரண்டு எதிர்பார்ப்புகள் ஒரே ஆளின்மேல் விழுகின்றன. உளவியலாளர்கள் லாசரசும் போல்க்மனும் 1984இல் நெருக்கீட்டைச் சமாளிக்கும் வழிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று பிரச்சினையையே மாற்றுவது, மற்றது அதனால் எழும் உணர்வைத் தணிப்பது. தியானம் இரண்டாவது வகை. மாற்றமுடியாத துன்பத்துக்கு அது உதவும். உங்களுடையது மாற்றக்கூடியது, ஆனபடியால் முதலாவது வகைதான் வேண்டும்.

ஒரு தாளில் கிழமைக் கணக்கை எழுதுங்கள். உதாரணமாக, 5 புதுக்கடன் விண்ணப்பம், வீடு பார்த்து ஆவணம் முடிக்க ஒவ்வொன்றுக்கும் 3 மணித்தியாலம் என்றால் 15. அறவீட்டுக்கு 40 வீடு, வீட்டுக்கு 45 நிமிடம் என்றால் 30. அலுவலக வேலை 10. மொத்தம் 55. உங்கள் வேலைநேரம் 45 என்றால் 10 மணித்தியாலம் இடிக்கிறது. உங்கள் உண்மையான எண்களை இப்படியே போடுங்கள். அம்மாவின் கிளினிக் நாளை முதலில் கழித்துவிடுங்கள், அதை மிச்ச நேரத்தில் தேடாதீர்கள்.

தாளை இருவரிடமும் ஒரே நேரத்தில் கொடுக்கவேண்டும். தனித்தனியே போனால் ஒவ்வொருவரும் “என்னுடையது முதலில்” என்பார், நீங்கள் பழையபடி ஓம் என்பீர்கள். “என்னால் ஏலாது” என்றும் தொடங்கவேண்டாம், அது உங்கள் குணத்தைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். “இந்த 10 மணித்தியாலத்தில் எதை விடட்டும்?” என்று கேளுங்கள். முடிவை அன்றே எழுத்தில் இருவருக்கும் அனுப்புங்கள்.

இரண்டு கிழமை கழித்துப் பாருங்கள். முரணான கட்டளை நின்றும் வேலைக்குத் தேவையான நேரம் குறையவில்லையென்றால், மிச்சமிருப்பது வகிபாகச் சுமை, அதாவது ஒருவர் செய்யக்கூடியதை மிஞ்சிய வேலை. அதற்கு இலக்கைக் குறைக்கவேண்டும், அல்லது இன்னொரு ஆளைப் போடவேண்டும். அந்த அதிகாரம் முகாமையாளருக்குத்தான் உண்டு, அந்தக் கணக்கோடு அவரிடம் போங்கள்.