சி.எஸ்.ஆர். கையில் இருக்கிறது, எஃப்.ஐ.ஆர். எங்கே?

வேலித் தகராறில் பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கீழே தள்ளிவிட்டார். ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது தந்தார்கள். இதுதான் எஃப்.ஐ.ஆரா?

இல்லை. தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது மட்டுமே. அதை வைத்து யாரையும் கைது செய்ய முடியாது, கோர்ட்டில் வழக்கும் நடக்காது. எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை, வழக்கின் தொடக்கம். அதில் குற்ற எண்ணும் சட்டப் பிரிவும் இருக்கும். ஒரு பிரதி மாஜிஸ்திரேட்டுக்கு உடனே போக வேண்டும். உங்களுக்கும் ஒரு பிரதி இலவசமாகத் தர வேண்டும். கையில் உள்ள தாளில் குற்ற எண்ணும் பிரிவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வழக்கு இன்னும் பதிவாகவில்லை.

"இது காக்னிசபிள் இல்லை, கோர்ட்டுக்குப் போங்கள்" என்றால் என்ன பொருள்?

வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் காக்னிசபிள். கோர்ட் உத்தரவுக்குக் காத்திராமல் அதில் புலனாய்வைத் தொடங்கலாம். மற்றவை நான்-காக்னிசபிள். அவற்றில் போலீஸ் தகவலைக் குறித்துக்கொண்டு உங்களை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்ப வேண்டும். அவர் உத்தரவிட்டால்தான் விசாரிக்க முடியும். எந்தக் குற்றம் எந்த வகை என்பது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது.

உங்கள் வழக்கையே எடுத்துக்கொள்வோம். தள்ளியதில் சிராய்ப்பு மட்டும் என்றால், குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பி.என்.எஸ். சட்டத்தின் பிரிவு 115(2), சாதாரணக் காயம். அது நான்-காக்னிசபிள். எலும்பு முறிந்திருந்தால் அது கொடுங்காயம். வேண்டுமென்றே அப்படிக் காயப்படுத்தினால் 117(2), ஏழு ஆண்டு வரை சிறை, காக்னிசபிள். சம்பவம் ஒன்றுதான், எக்ஸ்ரே ஒன்று போதும் நிலைமையை மாற்ற. ஆகவே அரசு மருத்துவமனைக்குப் போய், எப்படி அடிபட்டது, யார் தள்ளினார் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவதைத்தான் ஏ.ஆர். காப்பி என்பார்கள். "தானாக விழுந்தார்" என்று அதில் பதிவானால், பிறகு ஸ்டேஷனில் சொல்வது எடுபடாது. இன்னொன்று: சம்பவத்தில் பல குற்றங்கள் கலந்திருந்து, அவற்றில் ஒன்று காக்னிசபிளாக இருந்தாலே முழு வழக்கும் காக்னிசபிள்தான்.

புகாரில் என்ன எழுத வேண்டும்?

தேதி, நேரம், இடம், யார் என்ன செய்தார், எதைக் கொண்டு அடித்தார், எங்கே அடிபட்டது, யார் பார்த்தார்கள். "என்னைக் கொடூரமாகத் தாக்கினார்" என்பதில் போலீஸுக்கு ஒன்றும் கிடைக்காது. "மாலை 6 மணிக்கு, வேலியருகே, இரு கைகளாலும் நெஞ்சில் தள்ளினார், கல்லின்மேல் விழுந்து இடது மணிக்கட்டு வீங்கியது" என்பதில் பிரிவே தெரிகிறது. எழுத வராவிட்டால் வாயால் சொல்லலாம். அவர்கள் எழுதி வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். நடக்காததைச் சேர்க்காதீர்கள், முக்கியமானதை விட்டுவிடவும் வேண்டாம்: சாட்சிக் கூண்டில் நீங்கள் சொல்வதை எதிர்த்தரப்பு வக்கீல் இந்தத் தாளோடுதான் ஒப்பிடுவார்.

செல்போன் பஸ்ஸில் போனது. "இது எங்கள் எல்லை இல்லை" என்கிறார்கள்.

எல்லையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. எந்த ஸ்டேஷனிலும் பதியலாம், பிறகு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றிவிடுவார்கள். இதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். ஆனால் "காணாமல் போனது" என்று எழுதினால் அது குற்றமே ஆகாது. பையிலிருந்து எடுக்கப்பட்டது தெரிந்தால் "திருடப்பட்டது" என்றே எழுதுங்கள். மதிப்பையும் எழுதி, பில்லை இணையுங்கள். சாதாரணத் திருட்டில் பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் இப்போது அது நான்-காக்னிசபிள்.

காக்னிசபிள்தான், ஆனாலும் பதிய மறுக்கிறார்கள். என்ன செய்வது?

காக்னிசபிள் குற்றம் தெரியவந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். எலும்பு முறிவு வழக்குக்கு இது பொருந்தாது, அதன் தண்டனை ஏழாண்டு வரை போகிறது.

மறுத்தால் புகாரின் சாரத்தை எழுதி மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அங்கும் அசையாவிட்டால் பி.என்.எஸ்.எஸ். 175(3)-இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். மனுவோடு பிரமாணப் பத்திரம் வேண்டும். ஸ்டேஷனுக்கும் எஸ்.பி.க்கும் போனதற்கான ஆதாரம் இல்லாததால்தான் பல மனுக்கள் அங்கே நின்றுவிடுகின்றன. உங்கள் சி.எஸ்.ஆர். ரசீது உண்மையில் பயன்படும் இடம் அதுதான், தொலைத்துவிடாதீர்கள்.