ரைடர் தொடாமல் நிற்கும் நேரத்தில் வர்ணனையாளர் என்ன செய்ய வேண்டும்?

"வானொலி பாணியில் கபடி வர்ணனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ரைடர் யாரையும் தொடாமல் அசைந்துகொண்டே இருக்கும்போது என்ன பேசுவது?"

பாதி நேரம் எதுவும் பேசாதீர்கள். நீங்கள் முதல் வினாடியிலேயே உச்சக்குரலுக்குப் போய்விடுகிறவர் என்று நினைக்கிறேன். ரைடுக்கு 30 வினாடி இருக்கிறது. தொடக்கத்திலேயே கத்திவிட்டால் பிடி விழும்போது ஏற்றுவதற்குக் குரல் மிஞ்சாது.

பல ஆண்டுகளாக மைக் பிடிக்கிறேன். நினைவில் நிற்கும் ஒரு ரைடைச் சொல்கிறேன். ஆட்டம் முடியும் தறுவாய், 24–25. முந்தைய இரண்டு ரைடுகளும் வெறுமையாகப் போனதால் இது புள்ளி எடுத்தே தீர வேண்டிய மூன்றாவது ரைடு. நிதானமாக ஆரம்பித்தேன்: "எடுக்காவிட்டால் ரைடர் வெளியே. எதிரே ஐந்து பேர், அதனால் போனஸ் இல்லை. தொட்டுத்தான் ஆக வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டிவிட்டார், தன் வலப்பக்கம் நகர்கிறார்." போனஸுக்கு எதிரே ஆறு பேராவது இருக்க வேண்டும் என்பதை இப்படிப் போகிற போக்கில் சொல்லிவிடலாம். பக்கத்தை மட்டும் எப்போதும் ரைடரை வைத்தே சொல்லுங்கள். தடுப்பவர்களின் இடது மூலை அவருக்கு வலப்பக்கம். மாற்றி மாற்றிச் சொன்னால் கேட்பவருக்கு ஆடுகளமே தலைகீழாகிவிடும்.

பிறகு வாயை மூடிக்கொண்டேன். ரைடரின் "கபடி கபடி" மைக்கில் கேட்டது. அவர் மூச்சு விடாமல் பாடுவதைவிடப் பதற்றமான சொல் என்னிடம் இல்லை. இடையில் ஒன்றே ஒன்று: "பத்து வினாடிதான்."

"கால் நீட்டினார்... பிடி! கணுக்கால்! கவர் பாய்கிறார், இடுப்பு! இருவர் மேலே! இழுக்கிறார்... கை... கோடு!"

இந்த இடத்தில் முழு வாக்கியம் அமைக்கப் பார்த்தால் ஆட்டம் உங்களை முந்திவிடும். அடுத்து, நடுவரின் கையைப் பார்க்கும்வரை புள்ளியை அறிவிக்காதீர்கள். விரல் நடுக்கோட்டைத் தாண்டியதா என்பது மேடையிலிருந்து தெரியாது. "நடுவரைப் பார்க்கிறோம்" என்றால் போதும். அவர் இரண்டு விரல் காட்டினார். பிடித்த இருவரும் வெளியே, 26–25.

தொலைக்காட்சியில் விடாமல் பேசுகிறார்களே என்று சிலர் சண்டைக்கு வரலாம். அங்கே படம் இருக்கிறது, கடிகாரமும் திரையிலேயே ஓடுகிறது. அந்த வேகத்தை நான் குறை சொல்லவில்லை. படமில்லாத கேட்பவருக்கு அது உதவாது என்கிறேன்.

எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல் வேறு. நான் மௌனம் விட்ட அந்த நேரத்தில்தான் அமைப்பாளர் ஒருவர் நன்கொடையாளர் பெயர்ச் சீட்டை நீட்டி, "சும்மாதானே இருக்கிறீர்கள், இதைப் படியுங்கள்" என்றார். சீட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். இடைவேளையில் படித்திருக்க வேண்டிய பெயர்களை ரைடின் நடுவில் கேட்க எந்த நன்கொடையாளர் ஆசைப்படுவார்? ஆட்டம் முடிந்ததும் அவர் என்னோடு பேசவில்லை. மறுமுறை மைக் வேறொருவர் கைக்குப் போனது.