தாத்தா கட்டிய வீடும் அண்ணன் மகனும்

கேள்வி: அக்கா, வீட்டில் நடந்த பூசைப் படத்தை பேஸ்புக்கில் போட்டு, தாத்தா கட்டிய வீடு என்று தெருவும் கதவு எண்ணும் எழுதினேன். எடுத்துவிடு என்று அண்ணன் சண்டை போடுகிறார். மூன்று வாரமாக எங்களோடு தங்கியிருக்கும் அவர் மகனும் பின்னால் நிற்கிறான், அவ்வளவுதான். சொந்த வீட்டைச் சொல்ல என்ன பயம்?
- வாசகி, மோன் மாநிலம், மியான்மர்

பதில்: தங்கச்சி, உன் கடிதத்தில் இருந்த ஊர்ப் பெயரை எடுத்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தேன்.

மூன்று வாரமாகத் தங்கியிருக்கிறான் என்கிறாயே, அவனுக்கு என்ன வயது? எழுதவில்லை. 2024 பிப்ரவரியில் ராணுவ ஆட்சியாளர்கள் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை. அழைப்பு வந்து போகாவிட்டால் மூன்று வருடம் வரை சிறை. அந்த வயதுப் பையன் தன் வீட்டை விட்டு அத்தை வீட்டில் ஏன் இருக்கிறான் என்று நீ யோசிக்கவே இல்லையா?

இரவில் தங்கும் விருந்தாளியை வார்டு ஆபீசில் பதிய வேண்டும் என்ற விதியையும் 2021 பிப்ரவரியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவனைப் பதிந்தீர்களா? பதியவில்லை என்றால், வார்டு ஆபீஸ்காரர் வீடு வீடாகத் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியதை நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய்: இந்தத் தெரு, இந்தக் கதவு, இந்த முகம், இந்த நாள். குடும்பப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு ஆள் கூடுதல். பையனோடு உன் புருஷனும் பதில் சொல்ல வேண்டிவரும்.

பள்ளிக்கூடப் படத்தோடு இடத்தை எழுதுவதும் இப்படித்தான் ஆபத்து. 2022 செப்டம்பரில் சகாய்ங் பகுதியில் லெட் யெட் கோன் கிராமத்துப் பள்ளியை ராணுவத்தினர் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள், குழந்தைகள் செத்தார்கள். படத்தால் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பகுதியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் எனக்குத் தெரிந்த ஒருவர், அதற்கப்புறம் பள்ளிக்கு உதவி செய்பவர்களுக்குப் படம் அனுப்பினால் 'சகாய்ங்' என்று மட்டுமே எழுதுகிறார். அவர்களுக்கு அது போதும்.

நீயும் 'மோன் மாநிலம்' என்று எழுதினால் போதும். 'கோவிலுக்கு எதிர்வீடு' என்று சேர்த்தால் கெட்டது. சின்ன ஊரில் நம் கோவில் எத்தனை இருக்கப் போகிறது? படத்தையும் பார். நீ அனுப்பியதில் பையன் தோளுக்கு மேலே கோபுரம் நிற்கிறது, பக்கத்துக் கடைப் பலகையில் போன் நம்பர் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. அந்தப் பக்கத்தை வெட்டிவிட வேண்டும். முகத்தையும்தான்.

பதிவைத் திருத்தாதே, அழித்துவிடு. திருத்தினால் பழைய எழுத்தைத் திருத்த வரலாற்றில் பார்க்கலாம். அழிக்கும் முன் யார் யார் பகிர்ந்தார்கள் என்று பார்த்து, படத்தைத் தனியாக எடுத்துப் போட்டிருந்தால் அவர்களையும் எடுக்கச் சொல். எத்தனை பேர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியப் போவதில்லை. அதனால் அழித்ததோடு வேலை முடியவில்லை.

தாத்தா வீடு உன் பெருமை, சரி. ஆனால் அண்ணன் தன் பிள்ளையை உன்னை நம்பி விட்டிருக்கிறார். அத்தை முறைக்கு முதல் கடமை அவன்தான். இன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள். பையன் இனியும் அங்கே இருக்கலாமா, இடம் மாற வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும், நீ குறுக்கே பேசாதே.