மாவட்ட யோகாசனப் போட்டி: பிரிவும் மார்க்கும்

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. அடுத்த மாதம் மாவட்ட யோகா போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போகிறோம். எந்தப் பிரிவில் சேர்ப்பது, மார்க் எப்படிப் போடுவார்கள்?

முதல் போட்டி என்றால் 'பாரம்பரியம்' எனப்படும் தனிநபர் பிரிவு போதும். இசை கிடையாது. கட்டாய ஆசனங்களைச் செய்து, பிறகு விருப்ப ஆசனங்களைச் செய்தால் முடிந்தது. 'ஆர்ட்டிஸ்டிக்' என்பது இசைக்கு ஏற்ப ஆசனங்களைக் கோத்துச் செய்வது. 'ரிதமிக்' ஜோடியில் இரண்டு பிள்ளைகள் ஒரே ஆசனத்தை ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். ஜோடிப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் உங்கள் பிள்ளையும் வீட்டில்தான். வயதுப் பிரிவைச் சுற்றறிக்கையில் வயதுக்கெனப் போட்டிருக்கும் தேதியை வைத்துத்தான் கணக்கிடுவார்கள், போட்டி நாளை வைத்து அல்ல. சங்கத்துக்குச் சங்கம் விதி மாறும், அதனால் "எங்கள் ஊரில் அப்படி இல்லையே" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் போட்டிச் சுற்றறிக்கைதான் கடைசி வார்த்தை.

மார்க்குக்கு வருவோம். பரவலாக உள்ள முறையில் ஓர் ஆசனத்துக்குப் பத்து மார்க், ஐந்து நடுவர்கள். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நீக்கிவிட்டு நடுவில் உள்ள மூன்றை எடுப்பார்கள். 8, 7.5, 7.5, 7, 5 என்று வந்தால் 8-உம் 5-உம் போய்விடும், மீதி 22. "அந்த ஒரு நடுவர் வேண்டுமென்றே குறைத்துவிட்டார்" என்று மேசைக்குப் போய்க் கத்தும் பெற்றோரே, அந்த 5 கணக்கிலேயே இல்லை!

மார்க் உண்மையில் போவது வேறு இடத்தில். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வயிறும் மார்பும் தொடையில் படிந்து, அதன் பிறகு தலை இறங்க வேண்டும். பிள்ளைகள் அவசரத்தில் முதுகைக் கூன்போட்டு நெற்றியை மட்டும் முழங்காலில் முட்டுவார்கள். அப்போது முழங்காலும் தரையை விட்டு எழும்பும். முன்னால் நின்று பார்க்கும் உங்களுக்கு அது தெரியாது, பக்கவாட்டில் இருக்கும் நடுவருக்குப் பளிச்சென்று தெரியும். முழங்காலுக்கு அடியில் ஒரு காகிதத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் கால் மடங்கியிருக்கிறது.

அடுத்தது நேரம். இறுதி நிலைக்கு வந்து அசையாமல் நின்ற பிறகுதான் கடிகாரம் ஓடும். பிள்ளை குனியத் தொடங்கியதிலிருந்தே மனத்துக்குள் எண்ணும், பதற்றத்தில் வேகமாகவும் எண்ணும். முப்பது எண்ணி எழுந்தால் நடுவர் கடிகாரத்தில் இருபதுதான் ஆகியிருக்கும். வீட்டில் செல்போன் ஸ்டாப்வாட்சை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், சத்தமாக எண்ணிக் கொடுக்காதீர்கள். மூச்சை நிதானமாக விட்டு, நீங்கள் சொல்லும்வரை இருக்கப் பழகட்டும்.

விருப்ப ஆசனத்துக்கு, முன்கைகளில் தலைகீழாக நின்று பாதங்களைத் தலைப்பக்கம் வளைக்கும் விருச்சிகாசனம் கண்ணைப் பறிக்கும். ஆனால் பத்தில் நான்கு முறை விழும் பிள்ளைக்கு அது வேண்டாம். குப்புறப் படுத்துக் கணுக்காலைப் பிடித்து வில்லாக வளையும் தனுராசனம், ஆடாமல் நின்றால், அதைவிட மார்க் வாங்கும். பயிற்சியாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கட்டாயப் பட்டியலில் உள்ளதை விருப்பமாக மறுபடி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, காலை எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டு மதியம் இரண்டு மணிக்கு எண்ணைக் கூப்பிடும் வழக்கம் ஒழியவே மாட்டேன் என்கிறது. வெறும் வயிற்றில் வைத்திருக்காதீர்கள். வரிசை எண்ணைக் கேட்டுக்கொண்டு, முறை வர இரண்டு மணி நேரம் இருக்கும்போது ஒரு வாழைப்பழம் கொடுங்கள்.